சொல் விளக்கம்: தாங்குதிறன்

சேலத்தில் கடக்கால் தோண்டியதும் மேஸ்திரி கேட்பார்: "சார், எஸ்.பி.சி. எவ்வளவு?" சேஃப் பேரிங் கெபாசிட்டி, அதாவது மண் பாதுகாப்பாகத் தாங்கும் சுமை, என்பதன் சுருக்கம் அது. பேரிங் என்பது சுமத்தலைக் குறிக்கும் பழைய ஆங்கில வேரிலிருந்தும், கெபாசிட்டி என்பது கொள்ளுதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்தும் வந்தவை. அதற்காகக் 'கொள்ளளவு' என்று எழுதினால் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வரும். தாங்குதிறன் என்பதே சரி; நமக்குச் சுமைதாங்கிக் கல் தெரியாததா?

ஆனால் 'மண்ணின் தாங்குதிறன்' என்று சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. அது மண்ணுக்கு மட்டும் உரிய குணமல்ல. கட்டிடத்தின் சுமையை மண்ணுக்கு இறக்கும் ஃபுட்டிங்கின் அகலம், ஆழம், வடிவம் எல்லாம் சேர்ந்த விடை அது.

சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 1.5 மீட்டர் சதுர ஃபுட்டிங், ஆழமும் 1.5 மீட்டர். ஒட்டும் தன்மையில்லாத மணற்பாங்கான மண், துகள்கள் உராய்ந்து நழுவலை எதிர்ப்பதைக் காட்டும் உராய்வுக் கோணம் 30 பாகை, கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடை, நிலத்தடி நீர் தொலைவில். மண் உடையும் எல்லையாகிய இறுதித் தாங்குதிறன், சதுர மீட்டருக்குக் கிலோநியூட்டனில், நான்கு அறிஞர்களின் சமன்பாடுகளில் நான்கு விதமாக வரும்: டெர்சாகி (1943) கணக்கில் சுமார் 820, மேயர்ஹாஃப் 1081, ஹான்சன் 1083, வெசிக் 1191. நம் இந்தியத் தர நெறியான ஐ.எஸ். 6403 கணக்கில் 972.

ஏன் இப்படி? ஃபுட்டிங் மட்டத்துக்கு மேலுள்ள மண்ணை டெர்சாகி வெறும் பாரமாகவே எடுத்துக்கொண்டார். அந்த மண்ணும் வெட்டுண்டு எதிர்க்கும் என்று மற்றவர்கள் ஆழத்துக்கு ஒரு பெருக்கெண் சேர்த்தார்கள். வடிவத்துக்கான பெருக்கெண்ணும் ஆளுக்கு ஆள் வேறு. மேயர்ஹாஃபும் ஹான்சனும் ஒத்துப்போவது தற்செயல்தான்: ஹான்சனின் 1083-இல் 961 மேல்மண் தரும் பங்கு, மேயர்ஹாஃபில் அது 758தான்.

சரி, எதை நம்புவது? சமதளம், நடுவில் செங்குத்துச் சுமை என்றால் நான் ஐ.எஸ். கணக்கையே எடுப்பேன். டெர்சாகி விடை கீழ்வரம்பு பார்க்க உதவும். ஆனால் அதற்கு முன் அந்த 30 பாகை எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். ஐ.எஸ். கணக்கிலேயே 28 பாகை போட்டால் 756, 32 போட்டால் 1260. நான்கு அறிஞர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட இது பெரிது! மாதிரி எடுக்கும்போது மண் குலைந்தாலே இரண்டு பாகை போய்விடும்.

ஏற்காடு போகும் சரிவில் கட்டினால் கதையே வேறு. டெர்சாகியின் சமன்பாட்டில் நிலச்சரிவுக் கோணத்துக்கு இடமே இல்லை. ஹான்சன், வெசிக் இருவரிடமும் உண்டு. 20 பாகைச் சரிவுக்கு ஹான்சன் 0.37-ஆலும் வெசிக் 0.40-ஆலும் பெருக்கச் சொல்கிறார்கள். அங்கே சமதளக் கணக்கைப் போட்டால், இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும் என்று தாளில் வரும்.