மூச்சு முந்தும், ஆக்சிமீட்டர் பிந்தும்

குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் சர்ஜரி வார்டு. கட்டிலில் 58 வயதுள்ள ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. குடல்புண் ஓட்டையாகி முந்தாநாள் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். தையல் வலிக்குப் பயந்து ஆள் மல்லாந்தபடியே கிடக்கிறார். உண்மையில் கிடப்பது நர்சிங் மாணவிகளின் பயிற்சிக்கான ஒரு பிளாஸ்டிக் பொம்மை. அதற்குக் குரல் கொடுப்பவர் திரைக்குப் பின்னால் இருக்கும் டியூட்டர். மானிட்டரில் ஓடும் எண்களை மாற்றுவதும் அவர்தான். எந்த நிமிடத்தில் எந்த எண்ணை மாற்றுவது, மாணவி இதைச் செய்தால் எது ஏறும், செய்யாவிட்டால் எது இறங்கும் என்று எழுதி வைத்த தாள்தான் சிமுலேஷன் ஸ்கிரிப்ட்.

இந்த ஸ்கிரிப்டைப் பலரும் ஆக்சிஜன் செறிவை, அதாவது ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். 96, 92, 88 என்று எண் இறங்கும், மாணவி மாஸ்க் போடுவாள், எண் ஏறும், கைதட்டல். உடம்பு அப்படி நடந்துகொள்வதில்லை. நான் எழுதினால் மூச்சின் எண்ணிக்கையில் தொடங்குவேன்.

ஏன் என்று பார்ப்போம். ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மில்லிமீட்டரிலிருந்து 60-க்கு விழுந்தாலும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைந்தே இருக்கும். அந்த 40 மில்லிமீட்டர் இழப்பு விரலில் மாட்டிய கருவியான ஆக்சிமீட்டரில் ஏழெட்டுப் புள்ளிகளாகத்தான் தெரியும். அதற்குப் பிறகு அழுத்தம் 60-லிருந்து 40-க்கு வந்தால் செறிவு 75-க்குப் போய்விடும். மேலே சமதளம், 90-க்குக் கீழே செங்குத்துச் சரிவு. சமதளத்தில் நிற்கும்போதே உடம்பு விழித்துக்கொண்டு மூச்சையும் நாடியையும் கூட்டிவிடுகிறது. அந்தக் கூடுதல் உழைப்பில்தான் எண் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிறது. கருவி சில நொடிகளின் சராசரியைத்தான் காட்டும் என்பதையும், விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் பிந்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுத்த தோலில் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. வெயிலில் வேலை செய்து கறுத்தவர்கள் நிறைந்த நம் வார்டுகளில் இது நினைவில் இருக்க வேண்டும்.

ஆகவே முதல் காட்சியில் மூச்சு 22, நாடி 98, செறிவு 95, காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸ், ரத்த அழுத்தம் 130/80. பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் கேஸ் ஷீட்டில் முந்தைய மூன்று ஷிப்டிலும் மூச்சு 20, 20, 20 என்றே எழுதியிருக்க வேண்டும். எந்த வார்டிலும் ஷீட்டைப் புரட்டிப் பாருங்கள், இந்த 20 இருக்கும். யாரும் எண்ணவில்லை என்பதுதான் அதன் பொருள்.

மூன்று நிமிடம் கழித்து டியூட்டர் மூச்சை 28 ஆக்குகிறார். நாடி 112, செறிவு 92. 92 என்பது பலருக்குப் பதறும் எண் அல்ல. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்ட, நோயாளியின் எண்களுக்கு மதிப்பெண் போட்டு ஆபத்தை அளக்கும் நியூஸ் 2 கணக்கில் போட்டுப் பாருங்கள். மூச்சு 28-க்கு 3, செறிவு 92-க்கு 2, நாடி 112-க்கு 2. மொத்தம் 7, அதாவது அவசரக் குழுவைக் கூப்பிட வேண்டிய நிலை. இதே ஆளுக்கு மாணவி எண்ணாமல் 20 என்று எழுதினால் மூச்சுக்கு மதிப்பெண் பூஜ்யம், மொத்தம் 4. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசைக்கு ஆள் போய்விடுவார். ஸ்கிரிப்டின் நடுமுடிச்சு இதுதான். பொம்மை நெஞ்சு அசையாத ரகம் என்றால், மாணவி கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் நின்றால் மட்டுமே டியூட்டர் எண்ணைச் சொல்வார். நிற்காதவளுக்குச் சொல்லக் கூடாது.

ஆறாவது நிமிடத்தில் செறிவு 87. திரைக்குப் பின்னாலிருந்து குரல் வருகிறது: "மக்களே, மூச்சு முட்டுது, இந்த டியூபை எடு." பக்கத்தில் மனைவியாக நடிக்கும் மாணவி, "சிஸ்டரே, காலையிலேருந்து இவரு பிச்சும் பேயும் சொல்லுதாரு" என்கிறாள். வலி, பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். ஆக்சிஜன் குறைந்த மூளையும் இப்படித்தான் பேசும்.

மாணவி விரலையும் கருவியையும் சரிபார்த்துவிட்டு 4 லிட்டர் ஆக்சிஜன் திறக்கிறாள். இங்கே ஒரு பொறி வைக்கலாம். ஆக்சிஜனின் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டரும் ஈரப்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் சேரும் இடத்து மரையை டியூட்டர் முன்கூட்டியே கோணலாகத் திருகி வைத்திருப்பார். ஃப்ளோமீட்டரில் பந்து 4-இல் நிற்கும், பாட்டிலில் குமிழி வராது. ஆக்சிஜன் தண்ணீருக்குள் போகுமுன்பே அந்த மரை வழியே வெளியே போகிறது. பந்தை மட்டும் பார்ப்பவளுக்கு எண் ஏறாது. பாட்டிலைப் பார்ப்பவள் ஒரே திருகில் சரிசெய்துவிடுவாள்.

சரி, குமிழி வந்துவிட்டது. இப்போதும் டியூட்டர் செறிவை 90-ஐத் தாண்ட விடக் கூடாது. வலியால் மேலோட்டமாக மூச்சு விட்டு, படுத்தே கிடந்ததில் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப்போயிருக்கிறது. அந்தப் பகுதி வழியாகப் போகும் ரத்தம் காற்றையே பார்க்காமல் திரும்புகிறது. திறந்திருக்கும் பகுதியின் ரத்தமோ ஏற்கெனவே நிறைந்துவிட்டது, அதில் மேலும் ஏற்ற அதிக இடமில்லை. இரண்டும் இதயத்தில் கலக்கும்போது கலவையின் செறிவு குறைவாகத்தான் இருக்கும். ஃப்ளோமீட்டரின் குமிழைத் திருகிக்கொண்டே போவதால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, தையல் மேல் ஒரு தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்லி, ஆழமாக மூச்சிழுத்து இருமச் செய்ய வேண்டும். அதற்கு வலி அடங்கியிருக்க வேண்டும். மருந்து எப்போது கொடுத்தார்கள் என்று பார்க்கும் மாணவிக்கு ஸ்கிரிப்ட் சில நிமிடங்களில் 93 தருகிறது. குமிழை மட்டும் திருகியவளுக்கு மூச்சு 32 ஆகிறது.

இதற்கிடையில் டாக்டருக்குப் போன். "சார், சாச்சுரேஷன் குறையுது" என்றால் மறுமுனையில் டியூட்டர் "ஆக்சிஜன் வைங்க, வர்றேன்" என்று வைத்துவிடுவார், வரமாட்டார். "சார், மேல்வயிறு ஆபரேஷன் ஆகி ரெண்டாம் நாள். மூச்சு 22-லேருந்து 30, நாடி 116, 4 லிட்டர்ல 90, குழப்பமா பேசுறார், இப்பவே வந்து பாக்கணும்" என்றால் வருவார். சுருங்கிய நுரையீரல்தானா, நிமோனியாவா, காலிலிருந்து போன ரத்தக்கட்டியா என்று பிரிப்பது அவர் வேலை.

ஷீட்டில் இவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இல்லை என்று தெளிவாக எழுதிவிடுங்கள். இருந்தால் பலருக்கும் இலக்கு 94–98 அல்ல, 88–92. அது வேறு ஸ்கிரிப்ட்.

காட்சியைச் செறிவு 94 ஆனதும் முடிக்காதீர்கள். மூச்சு 24-க்குக் கீழே வந்த பிறகு முடியுங்கள். இரண்டாவது முறை நடத்தும்போது ஒரு கிளையைச் சேர்க்கலாம்: நோயாளிக்கு 15 லிட்டரில், பை உப்பிய மாஸ்க். செறிவு 96. மூச்சு 34-லிருந்து 12-க்கு இறங்குகிறது, பேச்சு நின்று கண் சொருகுகிறது. பெரும்பாலான மாணவிகள் இங்கே நிம்மதியாகி ஷீட் எழுத உட்கார்வார்கள். ஆள் தேறவில்லை, களைத்துவிட்டார். உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது, அது ஆக்சிமீட்டரில் தெரியாது. தோளைத் தட்டி எழுப்பிப் பார்த்து, பதில் இல்லையென்றால் அவசரக் குழுவை அழைத்து, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைக் கையில் எடுப்பதுதான் அந்தக் கிளையில் தேர்ச்சி.