மருமகன் திறந்து பார்க்கிற காலை வணக்கம்

தாமரைப் படமும் அதன் மேல் ஒரு பொன்மொழியும். மாமா, மாமி, சித்தி, பெரியப்பா எல்லோரிடமிருந்தும் வாட்ஸ்அப்பில் தினமும் வருவது இதுதான். ஆலோசனைக்கு வரும் பிள்ளைகளில் பலர் அதைத் திறக்காமலே தள்ளிவிடுகிறார்கள். இதற்கு மரியாதைக் குறைவு காரணமில்லை. போனின் பூட்டுத்திரையில் செய்தியின் முதல் சில சொற்கள்தான் தெரியும். அந்த இடத்தில் நாள்தோறும் “இனிய காலை வணக்கம்” என்றே இருந்தால், உள்ளே புதிதாக ஒன்றும் இல்லை என்று பிள்ளைக்குத் திறக்காமலே விளங்கிவிடும். படத்தின் மேலே அம்புக்குறியும் இருந்தால், அது தனக்காக எழுதப்பட்டதல்ல என்பதும் தெரிந்துவிடும்.

ஆகவே முதல் சொற்களில் அந்தப் பிள்ளைக்கு மட்டுமே பொருந்தும் ஒரு விசயம் இருக்க வேண்டும். வணக்கம் கடைசியில் வரலாம், வராமலும் விடலாம்.

ஒரு உதாரணம். மருமகனுக்குப் பதினைந்து வயது, திருகோணமலை உவர்மலையில் இருக்கிறான், பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில் கோல் காப்பாளர். மாமா ரொறன்ரோவில். இதுவரை மாமா அனுப்பிவந்தது சூரிய உதயமும் “முயற்சி திருவினையாக்கும்” என்ற வரியும். அதை இப்படி மாற்றிப் பாருங்கள்:

“கிளவ்ஸ் காயட்டுமெண்டு வெயிலில போட்டிடாத, உள்ளங்கை வெடிச்சிடும். நிழலில கொழுவி விடு. ஏகாம்பரம் கிரவுண்ட் மாரிக்கு இப்பவும் சேறாகுதோ?”

இதில் மாமாவுக்குத் தெரிந்த மைதானம் இருக்கிறது, அவனுக்குப் பயன்படும் ஒரு தகவல் இருக்கிறது, ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. பதில் சொல்லாவிட்டாலும் குறை இல்லை. கையுறை ஈரமானதை முந்தின கிழமை மாமாவிடம் சொன்னது அவனேதான். இது முக்கியம். “அம்மா சொன்னவ…” என்று தொடங்கினால், தன்னைப் பற்றி வீட்டில் கதை போகிறது என்பதுதான் பிள்ளையின் காதில் விழும். பிறகு வாயைத் திறக்கமாட்டான். அவன் தானாகச் சொன்னதையும், தன் ஸ்டேட்டஸில் போட்டதையும் மட்டும் எடுங்கள். ஒன்றும் கிடைக்காத நாளில் உங்களுக்கு வேண்டிய ஒரு சின்ன உதவியைக் கேளுங்கள்: “இந்த ரெண்டு சப்பாத்தில எது பரவாயில்லை?” பதின்ம வயதில் அறிவுரையை விட அபிப்பிராயம் கேட்கப்படுவது பிடிக்கும்.

“படிச்சியா? சாப்பிட்டியா? எத்தின மணிக்கு எழும்பினனி?” என்பவை பாசத்தில் கேட்கப்படுபவைதான், ஆனால் தினமும் வந்தால் விசாரணையாகிவிடும். “ராத்திரி ஒரு மணிக்கும் ஒன்லைனில நிண்டனி” என்பது அதைவிட மோசம். அதன் பிறகு பிள்ளை கடைசியாக வந்த நேரத்தை மறைத்துவிடும், உங்களோடு கதைப்பதையும் குறைத்துவிடும்.

நேரத்தைப் பலர் யோசிப்பதில்லை. பள்ளிக்கூடம் 7.30க்குத் தொடங்குகிறது, வகுப்பில் போன் இல்லை. காலை 6.30க்குப் பிறகு வரும் செய்தியைப் பெரும்பாலும் பள்ளிக்கூடம் விட்டு, பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் பார்ப்பார்கள். எனவே தவணைப் பரீட்சைக்கு வாழ்த்துவதென்றால் முந்தின நாள் பின்னேரமே அனுப்புங்கள். கனடாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரொறன்ரோவில் இரவு 8 மணி, கோடையில் இங்கே காலை 5.30. நவம்பரில் அங்கே மணிக்கூட்டை மாற்றியதும் அதே 8 மணி இங்கே 6.30 ஆகிவிடும், பிள்ளை சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கும்.

கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று போதும். தினமும் எழுதினால் சொல்ல விசயம் தீர்ந்து, மறுபடி தாமரைதான் வரும். பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தால் அது பதில்தான். நீலச்சரி விழாததை வைத்து வாசிக்கவில்லை என்று முடிவெடுக்காதீர்கள். அதை நிறுத்தி வைக்க முடியும், பூட்டுத்திரையிலேயே வாசித்துவிடவும் முடியும். “ஏன் பதில் இல்லை?” என்று குடும்பக் குழுவில் கேட்பது வேண்டவே வேண்டாம்.

இப்படி எழுதத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் “மனசு சரியில்லை மாமா” என்று பதில் வரலாம். அந்த இடத்தில் பொன்மொழி அனுப்பாதீர்கள். “வாசிச்சன். இப்ப கதைப்பமா, பின்னேரம் எடுக்கட்டா?” என்று மட்டும் கேளுங்கள். அதைப் படம் பிடித்து வேறு ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். ஆனால் வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஏதாவது சொன்னால் அதை இரகசியமாக வைத்திருக்கக்கூடாது. உடனே எடுத்துக் கதையுங்கள், அம்மா அப்பாவிடம் சொல்லப்போவதைப் பிள்ளையிடமே முதலில் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கைக்குள் இருந்து 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி கிடைக்கும்.