கடவுச்சொல் பத்திரம்தான், அப்புறம் ஏன் வெளியே தள்ளினார்கள்?

"நான் கணக்கு வைத்திருக்கும் தளத்தில் கடவுச்சொல் திருடு போகவில்லை, மாற்றவும் வேண்டாம் என்கிறார்கள். அப்படியானால் போன், லேப்டாப், டேப்லெட் எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் என்னை ஏன் வெளியேற்ற வேண்டும்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். திரும்பி வரும்போது உங்கள் பெயரை யாரும் கேட்பதில்லை. டோக்கனை யார் நீட்டினாலும் செருப்பு அவருக்குத்தான். இணையத்திலும் அதே கதை. கடவுச்சொல்லை ஒருமுறை சரிபார்த்ததும் சர்வர் ஒரு டோக்கனைத் தருகிறது. அது ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துச்சரம். அதன்பிறகு நீங்கள் தொடும் ஒவ்வொரு பக்கத்துக்கும் செயலி அதைத்தான் நீட்டுகிறது. மாதக்கணக்கில் கடவுச்சொல்லே தட்டாமல் இருக்க முடிவது இதனால்தான்.

2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் திருடு போனது இந்த டோக்கன்தான். உங்கள் பக்கம் இன்னொருவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க View As என்றொரு வசதி இருந்தது. அது வெறும் பார்வைக்கான பக்கம், எதையும் பதிவிட வழியிருக்கக் கூடாது. ஆனால் பிறந்தநாள் வாழ்த்துப் பெட்டி மட்டும் தப்பித் தவறி அதில் நின்றுவிட்டது, வீடியோ ஏற்றும் பொத்தானோடு. அந்த வீடியோ நிரல் தன் பங்குக்கு, உருவாக்கவே கூடாத ஒரு டோக்கனை உருவாக்கியது. மூன்றாவது பிழைதான் உச்சம்: நீங்கள் "அம்மா பார்வையில்" என்று தேர்ந்தெடுத்தால், டோக்கன் உங்கள் பெயரில் அல்ல, அம்மா பெயரில் வந்தது. பக்கத்தின் மூல நிரலில் அது அப்படியே கிடந்தது. அம்மா கணக்கு கைக்கு வந்ததும் அவருடைய நண்பர்கள், பிறகு அவர்களின் நண்பர்கள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சில்லறைப் பிழைகள். சேர்ந்தபோது சுமார் 3 கோடிப் பேரின் டோக்கன்கள் பறிபோயின. முதலில் அளவு தெரியாததால் 5 கோடிக் கணக்குகளையும், முந்தைய ஓராண்டில் View As-இல் தேடப்பட்ட இன்னும் 4 கோடிக் கணக்குகளையும் சேர்த்து வெளியேற்றினார்கள்.

சரி, கோடிக்கணக்கான டோக்கன்களை எப்படிச் செல்லாமல் ஆக்குவது? சர்வரிடம் டோக்கன் பட்டியல் இருந்தால் அந்த வரிகளை அழித்துவிடலாம். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. சில அமைப்புகளில் பட்டியலே கிடையாது. டோக்கனுக்குள்ளேயே அது பிறந்த நேரமும் சர்வரின் கையொப்பமும் இருக்கும். அங்கே ஒவ்வொரு பயனருக்கும் ஒரே ஒரு நேரத்தைக் குறித்து வைத்தால் போதும்:

```
if token.issued_at < user.valid_after:
    reject()
```

உங்கள் போன் டோக்கன் 10-ஆம் தேதியும் லேப்டாப் டோக்கன் 20-ஆம் தேதியும் பிறந்தவை என்று வைத்துக்கொள்வோம். திருடனிடம் இருப்பது 16-ஆம் தேதி டோக்கன். `valid_after` என்பதை 28-ஆம் தேதியாக மாற்றினால் மூன்றும் ஒரே நொடியில் செத்துவிடும். திருடனுடையது எது என்று தேட வேண்டியதே இல்லை. ஒரே ஓர் எண் செய்யும் வேலை! நீங்கள் மறுபடி உள்நுழையும்போது புது டோக்கன் கிடைக்கும். திருடனிடம் கடவுச்சொல் இல்லாததால் அவனால் அது முடியாது. சில சேவைகளில் கடவுச்சொல்லை மாற்றினாலும் பழைய டோக்கன்கள் சாவதில்லை, அது வேறு விஷயம். ஆகவே எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் பொத்தானைத் தனியாக அழுத்த வேண்டும்.

இனி உள்ளே போவது. இந்த மாதிரி நேரத்தில்தான் "உங்கள் கணக்கை மீட்க இங்கே அழுத்துங்கள்" என்று போலி மின்னஞ்சல்கள் கிளம்பும். நிஜமாகவே வெளியேற்றப்பட்டிருப்பதால் நம்பத் தோன்றும். அதைத் தொடாமல் செயலியை நேரே திறந்து, வழக்கமான ஒரு சாதனத்தில் முதலில் உள்நுழையுங்கள். கடவுச்சொல் மேலாளர் பயன்படுத்தினால் ஒரு வசதி உண்டு. சேமித்த இணையதள முகவரிக்கு மட்டுமே அது கடவுச்சொல்லை நிரப்பும். வழக்கமாக நிரப்பும் இடத்தில் சும்மா இருந்தால் முகவரியைக் கூர்ந்து பாருங்கள். ("இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் கணக்கு பத்திரம்" என்று வரும் ஃபார்வர்டுகள் வேப்பிலை அடிப்பதற்குச் சமம்.)

பலர் மாட்டிக்கொள்வது வேறொரு இடத்தில்: பல வருடமாகத் தட்டாத கடவுச்சொல் மறந்திருக்கும், மீட்புக் குறியீடு எப்போதோ கைவிட்ட எண்ணுக்குப் போகும். அந்த எண் இன்று வேறொருவர் கையில் இருக்கலாம். உள்ளே இருக்கும்போதே எண்ணையும் மின்னஞ்சலையும் புதுப்பித்து வையுங்கள்.

உள்ளே போனதும் சாதனப் பட்டியலைத் திறங்கள். தென்காசியில் இருக்கும் உங்களைச் சென்னை என்று காட்டினால் பதற வேண்டாம். ஊர்ப்பெயர் இணைய இணைப்பின் முகவரியை வைத்துப் போடும் ஊகம்தான். சாதனத்தின் வகையையும் நேரத்தையும் பாருங்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், உங்கள் வீட்டில் இல்லாத ஒரு போனிலிருந்து நுழைவு இருந்தால் அதை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.