ஒட்டிய கையொப்பமும் மின்னணுக் கையொப்பமும்

காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: ஆத்தங்குடிக் கல் 1,200 சதுர அடி, சதுர அடி 95 ரூபாய் என்று எழுதிய பி.டி.எஃப். ஒப்பந்தத்தில், வாங்குபவர் தம் கையொப்பத்தின் படத்தை ஒட்டி அனுப்பியிருக்கிறார், இது செல்லுமா?

செல்லாது என்று சொல்லிவிட முடியாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் எல்லா ஒப்பந்தத்துக்கும் கையொப்பம் கேட்பதில்லை. மின்னணு வழியில் உருவானது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் கூறுகிறது. ஆனால் 'நான் ஒட்டவில்லை' என்று அவர் மறுத்தால், மின்னஞ்சல், முன்பணம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைக் காட்டி நிரூபிக்கும் சுமை வாசகருடையது. அந்தப் படத்தை எவரும் நகலெடுக்கலாம். 95-ஐ 85 என்று மாற்றினாலும் படம் அப்படியே இருக்கும்.

மின்னணுக் கையொப்பமோ கோப்பின் ஒவ்வொரு பைட்டோடும் பிணைந்தது. இங்கே ஓர் அழகான சிக்கல் எழுகிறது: கோப்பு முழுவதையும் காக்க வேண்டிய கையொப்பம், அதே கோப்புக்குள் எப்படி இருக்க முடியும்? உள்ளே வைத்தவுடன் கோப்பு மாறிவிடுமே! பி.டி.எஃப். இதற்காக முன்கூட்டியே ஓர் இடைவெளியை ஒதுக்கி, அதன் எல்லைகளைக் கோப்பிலேயே எழுதி வைக்கிறது:

```
/ByteRange [0 24310 40696 1822]
```

தொடக்கத்திலிருந்து 24,310 பைட்டுகள், பிறகு 40,696-ஆவது இடத்திலிருந்து 1,822 பைட்டுகள் என்பது இதன் பொருள். நடுவிலுள்ள 16,386 பைட்டுகளே கையொப்பத்தின் இருப்பிடம். அதை விடுத்து மற்ற அனைத்தையும் எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்கு 256 பிட் நீளமுள்ள ஒரே எண்ணாகச் சுருக்குகிறது. கையொப்பமிடுபவரிடம் மட்டும் உள்ள இரகசியத் திறவி அந்த எண்ணுக்குக் கையொப்பமிட, விளைவு அந்த இடைவெளிக்குள் போய் அமர்கிறது. இடைவெளிக்கு வெளியே ஓர் இலக்கத்தை மாற்றினாலும், சரிபார்க்கும்போது கிடைக்கும் எண் ஏறத்தாழப் பாதி பிட்டுகளில் வேறுபட்டு, திருத்தத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூலத்தைத் தொடாமல் கோப்பின் இறுதியில் புதிய விலையைச் சேர்த்தால்? 40,696-உம் 1,822-உம் சேர்ந்தால் 42,518. கோப்பு அதைவிட நீளமாக இருந்தால், கையொப்பத்துக்குப் பின் ஏதோ சேர்ந்திருக்கிறது என்று மென்பொருள் கண்டுகொள்ளும். ஆகவே திரையில் தெரியும் பெயரையும் தேதியையும் நம்பாமல், கையொப்பத்தைச் சொடுக்கிப் பார்க்க வேண்டும். அந்தத் தோற்றமும் வெறும் படமே. அச்சிட்டு ஸ்கேன் செய்தால் மிஞ்சுவதும் அதுதான். மஞ்சள் கேள்விக்குறி தென்பட்டால், திறவி இன்னாருடையது என்று உறுதிசெய்யும் சான்றிதழை வழங்கியவரை அந்தக் கணினி இன்னும் நம்பவில்லை என்று பெரும்பாலும் பொருள்; கோப்பைத் திருத்திவிட்டார்கள் என்பதல்ல.

பாதுகாப்பான மின்னணுக் கையொப்பத்தை, உரியவரே ஏற்கும் எண்ணத்துடன் இட்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்பவரே நிரூபிக்க வேண்டும். ஆனால் இடும் நேரத்தில் திறவி அவர் ஒருவரின் கட்டுப்பாட்டிலேயே இருந்திருக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு நிபந்தனை விதிக்கிறது. திறவியைத் தாங்கும் யு.எஸ்.பி. டோக்கனையும் அதன் கடவுச்சொல்லையும் ஆடிட்டர் அலுவலக மேசையில் விட்டுவைக்கும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது, அன்று அந்த டோக்கன் யார் கையில் இருந்தது என்பதையே.