ஆடி மாச சேல்ஸ் இறங்குனா பயப்படணுமா?

தர்மபுரியில நான் கணக்கு பாக்குற பாத்திரக்கடை ஓனர் ஆகஸ்ட் முதல் வாரம் போன் பண்ணாரு, "தம்பி, ஜூலைல வெறும் 6.2 லட்சம்தான், ஜூன்ல 8.5 போச்சு, ஆளக் குறைச்சிடலாமா"னு. கொஞ்சம் பொறுங்கண்ணா, டேலில இருந்து 2022 ஜனவரி முதல் மாசாமாசம் சேல்ஸ் எடுத்துட்டு வரேன்னு சொன்னேன்.

முதல்ல டிரெண்ட். 12 மாச சராசரி எடுத்தா ஆடி, தை, வைகாசி எல்லாம் அதுக்குள்ள ஒருதடவை வந்துடும், சீசன் அடிபட்டுப் போய் கடை வளருதா தேயுதான்னு மட்டும் நிக்கும். ஆனா 12 இரட்டைப்படை, நடு மாசம்னு ஒண்ணு கிடையாது, அதனால பக்கத்து பக்கத்து ரெண்டு சராசரிய எடுத்து பாதியாக்கணும். எக்செல்ல B2 ஜனவரி சேல்ஸ்னா ஜூலைக்கு நேரா, அதாவது 8வது வரில இதப் போடுங்க:

```
=(AVERAGE(B2:B13)+AVERAGE(B3:B14))/2
```

அப்புறம் சேல்ஸ டிரெண்டால வகுக்கணும். ஜூலைக்கு மூணு வருஷமும் 0.73, 0.76, 0.76 வந்துச்சு, சராசரி 0.75. ஆடில கல்யாணம் இல்ல, சீர்வரிசை யாரும் வாங்க மாட்டாங்க, கால்வாசி குறையறது இந்தக் கடைக்கு வழக்கம்தான். கடைசி ஆறு மாசத்துக்கு இந்த ஃபார்முலால டிரெண்ட் வராது, பின்னாடி மாசங்களோட கணக்கு இன்னும் வரலையே, அதனால ஜனவரி வரைக்கும் வந்த போக்க நீட்டி ஜூலைக்கு 8.4 லட்சம்னு வெச்சேன், இது உத்தேசம்தான். 8.4 x 0.75 = 6.3. வந்தது 6.2. ஜூலைல ஒண்ணுமே ஆகல.

ஆனா மே மாசத்தப் பாத்ததும்தான் எனக்கு திக்குனு இருந்துச்சு. வைகாசி முகூர்த்தம் இருக்கறதால மே மாசத்துக்கு அதே மாதிரி வகுத்தா வர்ற கணக்கு 1.30, டிரெண்ட் 8.3, அப்ப 10.8 லட்சம் வரணும், வந்தது 9.1. ஏப்ரல்ல 8.7தானே, ஏறித்தானே இருக்குன்னு அண்ணன் சந்தோஷமா இருந்துட்டாரு. பழைய மாசங்கள்ல இந்த வித்தியாசம் 5 சதவீதத்தத் தாண்டுனதே இல்ல, இது 16 சதவீதம். மே கணக்குக்கு என்கிட்ட ரெண்டே வருஷம்தான் இருந்துச்சு, இருந்தாலும் இவ்ளோ பெரிய பள்ளத்த தற்செயல்னு தள்ள எனக்கு மனசு வரல.

ஒரு விஷயம், அக்டோபர், நவம்பர இப்படி தனித்தனியா பாக்காதீங்க. தீபாவளி 2023ல நவம்பர் 12, 2024ல அக்டோபர் 31, கூட்டம் மொத்தமும் மாசம் மாறிடும், கடை நல்லா இருந்தாலும் நவம்பர் படுத்த மாதிரி காட்டும். ரெண்டையும் சேத்து ஒரே மாசமா நினைச்சுப் பாருங்க.

மே மாச ஆர்டர் புக்க எடுக்கச் சொன்னேன். சில்லறை வியாபாரம் அப்படியேதான் இருக்கு, பித்தளை அண்டா, குத்துவிளக்குன்னு மொத்தமா எழுதுற கல்யாண செட் ஆர்டர்தான் பாதிக்குப் பாதி இல்ல. அதப் பேசி முடிக்கிற பெரியவர் மார்ச்ல வேலைய விட்டு நின்னுருக்காரு, ஆடில கல்யாண ஆர்டரே இல்லாததால ஜூலைல அந்தக் குறை வெளிய தெரியல. ஆவணி முகூர்த்தத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சு, அண்ணன் அன்னைக்கு சாயங்காலமே பெரியவர் வீட்டுக்குக் கிளம்பிட்டாரு.