வாடகை வீட்டில் ஊறும் சுவர்: வீட்டுக்காரரிடம் எதைக் கேட்பது?

ஐப்பசி மழை பிடித்து இரண்டு கிழமை போனால் எனக்கு வரும் அழைப்புகளில் பல ஒரே மாதிரி இருக்கும். "சுவர் ஊறுது, பூஞ்சணம் பிடிக்குது, வீட்டுக்காரர் தையில பெயின்ற் அடிச்சுத் தாறன் எண்டுறார்." கட்டடங்களைப் பார்த்துப் பழுது சொல்வது என் தொழில். தையில் அடித்த பெயின்ற் அடுத்த கார்த்திகையில் பொருக்குப் பொருக்காகக் கழருவதை யாழ்ப்பாணத்து வாடகை வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வீட்டுக்காரரும் செலவழிக்கிறார், குடியிருப்பவரும் இருமுகிறார். தண்ணீர் எந்த வழியால் வருகிறது என்று இருவரும் பார்ப்பதில்லை.

கொக்குவிலில் ஓர் ஒழுங்கை வீட்டைச் சொல்கிறேன். இளம் தம்பதி, ஒரு கைக்குழந்தை. வீட்டுக்காரர் கனடாவில், சாவி, வாடகை எல்லாம் இங்கே இருக்கும் அவருடைய அண்ணன் பொறுப்பு. முன்னறையில் சுவரின் அடிப்பகுதி இரண்டரை அடி உயரத்துக்கு ஈரம். படுக்கையறையில் அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள். "எல்லாம் ஒரே ஊறல்தானே" என்று இரண்டையும் சேர்த்துத்தான் முறையிட்டிருந்தார்கள். அண்ணன் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "யன்னலைத் திறந்து விடுங்கோ பிள்ளை."

அந்த இரண்டும் வேறு வேறு. முன்னறை ஈரம் தரையிலிருந்து தொடங்கி, மேலே ஓர் அலை போன்ற கோட்டோடு நின்றது. கோட்டை ஒட்டி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தட்டினால் பூச்சு பொலபொலவென்று விழுந்தது. அங்கே பூஞ்சணம் அனேகமாக இல்லை, உப்பு ஏறிய சுவரில் அது இலகுவில் பிடிக்காது. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறுவதற்கு அடையாளம் இதுதான். வழமையாக மூன்றடி உயரமளவில் நின்றுவிடும். ஆளுயரத்தில் அல்லது கூரையோரத்தில் ஈரம் கண்டால் பீலி, ஓடு, பிளேட் வெடிப்பு என்று மேலே தேட வேண்டும். வாடை மழை சாய்வாக அடிக்கும் வடக்கு, கிழக்குச் சுவர்களின் வெடிப்புகளையும் விட்டுவிடக் கூடாது.

அலுமாரிக்குப் பின்னால் இருந்தது வேறு கதை. அலுமாரி சுவரோடு ஒட்டி நின்றது, அதே அறையில் குழந்தையின் துணிகள் கொடியில் காய்ந்தன. சந்தேகம் தீர ஒரு சின்னச் சோதனை செய்தோம். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விட்டோம். பொலித்தீனுக்கு உள்ளே வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றில் இருக்கிறது. முன்னறையில் உள்ளே வியர்த்தது, படுக்கையறையில் வெளியே. இந்தச் சோதனை நிலத்து ஈரத்தையும் பக்கத்தால் ஊறும் மழையையும் பிரித்துக் காட்டாது. அதற்குக் கண்ணால் பார்த்த உயரமும் உப்பும்தான் சாட்சி.

அண்ணன் சொன்ன யன்னல் கதை பாதி சரி. சமையல் ஆவியும் துணி ஈரமும் வெளியேறும். ஆனால் கார்த்திகை மார்கழியில் வெளிக்காற்றே ஈரம். அது அடிச்சுவரைக் காயவைக்காது.

அடிச்சுவர் ஏன் ஊறியது? அத்திவாரத்துக்கு மேல் சீமெந்துச் சாந்து போட்டுத் தார் பூசுவோம், மேசன்மார் டி.பி.சி. என்பார்கள். நிலத்து ஈரம் மேலே ஏறாமல் மறிப்பது அது. அந்த வீட்டில் அது இருந்தது, பழுதும் இல்லை. ஆனால் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டு உயர்த்தியபின் வெள்ளம் உள்ளே வருகிறதென்று முற்றத்தையும் சுவரோடு ஒட்டிச் சீமெந்து போட்டு உயர்த்தியிருந்தார்கள். முன்படி மூன்றாக இருந்தது இரண்டாகிவிட்டது. தார்க்கோடு இப்போது முற்றத்துக்குக் கீழே. மழைத் தண்ணீர் கோட்டைத் தாண்டி நேரே சுவருக்குள் இறங்கியது. ஈரம் தொடங்கியதும் முற்றம் உயர்ந்த அடுத்த மாரியில்தான் என்று அயலவர் சொன்னார்கள்.

இவ்வளவும் தெரிந்தபின் அவர்கள் கனடாவுக்கு அனுப்பிய செய்தி முன்பு அனுப்பிய குரல் பதிவுகள் மாதிரி இருக்கவில்லை. ஏறக்குறைய இப்படி எழுதினார்கள்:

"அண்ணை, முன்னறைச் சுவர் இரண்டரை அடிக்கு ஊறுது. அளவுநாடா வைத்து எடுத்த படங்களும், மழை பெய்யும்போது முற்றத்தில தண்ணி நிக்கிற வீடியோவும் திகதியோட அனுப்பியிருக்கிறம். முற்றம் தார்க்கோட்டுக்கு மேல வந்ததுதான் காரணம் எண்டு பார்த்தவர் சொல்லுறார். இந்த முறை பெயின்ற் வேண்டாம். சுவரோரம் முற்றத்தை வெட்டி இறக்கி, பூச்சை மாத்தித் தாங்கோ. படுக்கையறைப் பூஞ்சணம் எங்கட பக்கத்துப் பிழை. அலுமாரியை நாங்கள் தள்ளி வைக்கிறம், துணியை வெளி விறாந்தையில காயப் போடுறம்."

கடைசி வரிதான் காரியத்தை நகர்த்தியது என்பது என் எண்ணம். தன் பங்கை ஒப்புக்கொள்பவர் கேட்பதை வீட்டுக்காரர் சாட்டு என்று தள்ளிவிட முடியாது. இப்படி எழுத்தில் இருந்தால், பின்னர் மத்தியஸ்த சபைக்குப் போக நேர்ந்தாலும் கையில் ஏதோ இருக்கும். உடன்படிக்கையில் திருத்தவேலை யார் பொறுப்பு என்ற பந்தியையும் வாசித்து வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். நீங்களே செலவழித்து வாடகையில் கழிப்பதென்றால் அவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டும்.

வேலையை எப்போது செய்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மழைக்குள் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடுகிறோம். அந்த வீட்டில் தையில் சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்குச் சீமெந்தை வெட்டி, தார்க்கோட்டுக்கு ஆறு அங்குலம் கீழே இறக்கி, சல்லி போட்டு, தண்ணீர் வெளியே ஓடச் சரிவு வைத்தோம். அப்போதே உள்ளே ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கல்லை வெறுமனே விட்டோம். ஓர் அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் ஒரு குத்துமதிப்பு. ஆறங்குலச் சீமெந்துக்கல் சுவர் என்றால் ஆனி, ஆடி வரை போகும். சோளகம் நன்றாக வீசினால் கொஞ்சம் முந்தும். அதன்பின் சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று கலந்து பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தோம். ஈரம் வெளியே மூச்சுவிட வேண்டும்; எண்ணெய்ப் பெயின்றும் தண்ணீர் புகாப் பூச்சும் அதை அடைத்துவிடும்.

அரை வருடம் கொத்தின சுவரோடு இருப்பது அழகாயிராது. அதைத் தவிர்க்க அண்ணன் முதலில் மூன்றடிக்கு ரைல்ஸ் ஒட்டலாம் என்றார். ஒட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்: வெளியே வர வழியில்லாத ஈரம் ரைல்ஸுக்குப் பின்னால் ஏறி, நாலாவது அடியில் எட்டிப் பார்க்கும்.

அலுமாரி இப்போது சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிற்கிறது. பூஞ்சணத்தைக் காய்ந்த துணியால் தட்ட வேண்டாம், அதன் தூள் குழந்தை படுக்கும் அறை முழுவதும் பறக்கும். மாஸ்க் போட்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை எறிந்துவிடச் சொன்னேன்.

அடுத்த மார்கழியில் முன்னறையில் ஈரம் ஏறவில்லை, ஆனால் வெள்ளை உப்பு லேசாகப் பூத்தது. பயந்துபோய் அழைத்தார்கள். பழைய உப்பு சுவரை விட்டு வெளியே வருகிறது. ஒன்றிரண்டு மாரிக்கு அப்படித்தான் இருக்கும். உப்பை மட்டும் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளிக் கொட்டுங்கள் என்றேன்.