மிச்சம்: தள்ளுபடிப் பலகைக்கு வராத சொல்

ஆடி பிறந்தால் சேலம் கடைவீதி முழுக்க ஒரே சொல்தான் தொங்கும்: தள்ளுபடி. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வரும் கூட்டம் அதைப் படித்துக்கொண்டேதான் நடக்கும். ஆனால் கடைக்குள் போனதும் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. "எவ்வளவு மிச்சமாகும்?" என்றுதான் கேட்பார்கள். பலகை ஒரு சொல்லையும் கடைக்குள் வருபவர் வேறொரு சொல்லையும் வைத்திருப்பது ஏன் என்று எனக்கு வெகுநாளாக ஒரு கேள்வி. துணிக்கடைகளுக்கு நோட்டீஸ், பலகை வாசகம் எழுதித் தருவது என் வேலை. அதனால் இந்தச் சொற்களைத் தினமும் கையாள வேண்டியிருக்கிறது.

முதலில் டிஸ்கவுண்ட். இது லத்தீன் வேரிலிருந்து இத்தாலிய, பிரெஞ்சு வணிகர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். 'கணக்கிலிருந்து எடுத்துவிடு' என்பதே அதன் நேர்ப்பொருள். அப்படிப் பார்த்தால் அதற்குச் சரியான தமிழ் 'கழிவு'. கூட்டல், கழித்தல் என்று பள்ளியில் படித்த அதே கழித்தல்தான். புத்தகக் காட்சிகளில் '10 விழுக்காடு கழிவு' என்று இன்றும் எழுதுகிறார்கள். ஆனால் கழிவறை, கழிவுநீர் என்று அந்தச் சொல் வேறு பக்கம் போய்விட்டதால், பட்டுச் சேலைக்கு மேலே '20% கழிவு' என்று தொங்கவிட எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். நான் ஒருமுறை எழுதிக் கொடுத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

தள்ளுபடி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. செல்லுபடி, கட்டுபடி போல இதுவும் வினையோடு 'படி' சேர்ந்து வந்த பெயர். நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் தள்ளுபடி, கடையில் விலை தள்ளுபடி. மூன்று இடத்திலும் பொருள் 'இது இனி இல்லை, ஒதுக்கிவிட்டோம்' என்பதுதான். இதில் கடன் தள்ளுபடியைக் கவனியுங்கள். 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியை அறிவித்தபோது ஊரெல்லாம் பேசியது 12,110 கோடி ரூபாய் என்ற தொகையை. மொத்தக் கடனில் அது எத்தனை சதவீதம் என்று எந்த டீக்கடையிலும் பேச்சு வரவில்லை. அவரவர் வீட்டில், 'நம்ம கடன் எவ்வளவு போச்சு?' என்பதுதான் கேள்வி. தள்ளுபடி என்ற சொல் ரூபாயோடுதான் ஒட்டும். அதைச் சதவீதத்தோடு கட்டிவைத்தது கடைப் பலகைதான்.

சதவீதம் என்பது வடமொழி வழி வந்தது. சதம் என்றால் நூறு, வீதம் என்றால் அளவு. அதற்குத் தமிழ்ச் சொல் விழுக்காடு. சாக்காடு, வேக்காடு, நோக்காடு இவற்றில் வரும் அதே 'காடு' விகுதிதான்; மரக்காடு அல்ல. விழுக்காடு என்றால் விழுவது, அதாவது பங்குக்கு வந்து விழுவது. இது மேடைத் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் "வேன் வாடகை ஆளுக்கு எவ்வளவு விழும்?" என்று கேட்காதவர் யார்? அந்த 'விழும்'தான் இதிலும் இருக்கிறது. பேச்சுத் தமிழில் விழுவது ரூபாய். எழுத்துத் தமிழில் விழுவது நூற்றுக்கு இத்தனை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் மக்களுக்குச் சதவீதம் புரியாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. "ரெண்டு ரூபா வட்டி" என்று கடன் வாங்குகிறவருக்கு, நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் என்று தெரியும். ஆண்டுக்கு 24 சதவீதம் என்று வங்கி சொல்வதை அவர் ரூபாயில் சொல்கிறார், அவ்வளவுதான். 1957இல் நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா. அன்று 'ரூபாய்க்கு ரெண்டணா' என்றால் அது பன்னிரண்டரை சதவீதம். ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து தீபாவளிக்குத் துணி எடுக்கக் கீழே இறங்கி வருகிறவர்களின் போனஸும் சதவீதத்தில்தான் பேசி முடிக்கப்படுகிறது. சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம். கணக்குக்கு எடுக்கும் ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அது. தொழிலாளி அதை "ஒரு மாசச் சம்பளம்" என்று சொல்லிவிடுவார். விகிதம் தெரியும், பேசுவது கைக்கு வருகிற பணத்தை.

சரி, ரூபாயில் சொன்னால் என்ன மாறுகிறது? சதவீதம் தனியாக நிற்காது. 'எதில்?' என்ற கேள்வி அதன் கூடவே வரும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசை எடுத்துக்கொள்வோம். 80 கிராம் கொலுசு. வெள்ளி தினமும் ஏறி இறங்கும். கணக்கு எளிதாக இருக்கக் கிராம் 100 ரூபாய், செய்கூலி கிராமுக்கு 15 ரூபாய் என்று வைப்போம். வெள்ளிக்கு 8,000, செய்கூலி 1,200, வரிக்கு முன் மொத்தம் 9,200. பலகையில் 'செய்கூலியில் 20% தள்ளுபடி'. வருகிறவர் கண்ணில் 20 மட்டும் பெரிதாகத் தெரியும். 9,200க்கு 20 சதவீதம் என்றால் 1,840 மிச்சம் என்று மனசு ஓடிவிடும். உண்மையில் மிச்சம் 240 ரூபாய். மொத்த விலையில் அது நூற்றுக்கு 3 ரூபாய்கூட இல்லை. பலகையில் பொய் எதுவும் இல்லை. பில் போடும்போது வாடிக்கையாளர் முகம் சுண்டுகிறதே, அது இந்த 1,600 ரூபாய் இடைவெளிக்காகத்தான். '240 ரூபாய் மிச்சம்' என்று எழுதியிருந்தால் 'எதில்?' என்ற கேள்விக்கே இடமில்லை.

துணிக்கடையில் இதன் தம்பி '30% + 20%'. ஆயிரம் ரூபாய் சேலை முதலில் 700 ஆகும், அந்த 700இல் 20 சதவீதம் போய் 560 ஆகும். மிச்சம் 440. கூட்டிப் பார்த்து 500 எதிர்பார்த்தவர் 60 ரூபாய் குறைகிறதே என்று நிற்பார்.

இன்னொன்று நம் நாணயம். விலை நூறாக இருந்தால் 15 சதவீதமும் 15 ரூபாயும் ஒன்று. நூறுக்கு மேலே போகப் போக ரூபாய் எண் பெரிதாகும். கீழே வந்தால் சதவீத எண் பெரிதாகத் தெரியும். விலை அதிகமான பொருளுக்குத் தொகையாகச் சொன்னால் குறைப்பு பெரிதாகத் தோன்றுகிறது, மலிவான பொருளுக்குச் சதவீதம் அப்படித் தோன்றுகிறது என்று சென், மன்ரோ, லூ என்ற ஆய்வாளர்கள் 1998இல் எழுதினார்கள். டாலரில் ஒரு சட்டை விலை நூறுக்குள் அடங்கிவிடும். ரூபாயில் கடைவீதிச் சட்டை எதுவும் நூறுக்குள் இல்லை. 1,450 ரூபாய் இளம்பிள்ளைச் சேலைக்கு 18 சதவீதம் என்பதும் 261 ரூபாய் என்பதும் ஒன்றுதான். எது பெரிதாகக் கேட்கிறது என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். 60 ரூபாய்த் துண்டுக்கு மட்டும் '9 ரூபாய் மிச்சம்' என்று எழுதினால் எடுபடாது. அங்கே 15% இருக்கட்டும்.

அப்படியானால் கடைகள் ஏன் சதவீதத்தை விடுவதில்லை? சோம்பல்தான் பாதிக் காரணம். 'எல்லாம் 15%' என்று ஒரே பலகை போட்டால் ஐந்நூறு வகைத் துணிக்கும் போதும். ரூபாய் என்றால் ஒவ்வொரு சேலைக்கும் தனிச் சீட்டு வேண்டும். இதைத் தவிர்க்க நான் ஒரு கடைக்குக் குறுக்குவழி சொல்லி மாட்டிக்கொண்டேன். 500 முதல் 999 வரை 100 ரூபாய், 1,000 முதல் 1,499 வரை 200 ரூபாய் என்று விலைப் படிகளாக எழுதிக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. இரண்டாம் நாள் ஒரு அம்மா இரண்டு சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இது 995, இது 1,005. உங்க கணக்குப்படி இது 895, அது 805 ஆகுது. விலை கூடின சேலை எப்படிப்பா கம்மியா வரும்?" என்றார். விற்பனைப் பையன் முழித்தான். அன்று மாலைக்குள் ஆயிரத்தை ஒட்டி மேலே இருந்த சேலைகள் அத்தனையும் போய்விட்டன. 900களில் இருந்த ஒன்றை யாரும் தொடவில்லை. எல்லைக்கோட்டின் இரு பக்கமும் சரக்கு இருந்தால் இந்தக் கோளாறு வந்தே தீரும். விலைப் படி போடத்தான் வேண்டும் என்றால் கோட்டை ஒட்டிச் சரக்கே இல்லாத இடமாகப் பார்த்துப் போட வேண்டும். இல்லையென்றால் சலிப்பைப் பார்க்காமல் சீட்டு எழுத வேண்டியதுதான்.

ரூபாயிலும் ஏமாற்றலாம், மறுக்கவில்லை. 1,999 என்று அடித்துவிட்டு 999 எழுதினால் '1,000 ரூபாய் மிச்சம்' என்று ஆகிவிடும். இங்கே கேட்க வேண்டியது, போன மாதம் இதே சேலை என்ன விலைக்குப் போனது என்பதுதான். பக்கத்துக் கடையில் அதே ரகம் என்ன விலை என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இப்போது மிச்சம் என்ற சொல்லுக்கே வருகிறேன். சில விளம்பரங்கள் 'சேமிப்பு' என்று போடுகின்றன. எனக்கு அது ஒட்டவில்லை. சேமிப்பு என்றால் எடுத்துப் பத்திரமாக வைப்பது: அஞ்சலகம், உண்டியல். கடையில் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறவர் எதையும் சேமிக்கவில்லை. எண்ணிக்கொண்டு வந்ததில் கொஞ்சம் கையில் நின்றது. அதுதான் மிச்சம். மிகு, மிஞ்சு என்பவற்றோடு உறவுள்ள சொல். இதன் பழைய உடன்பிறப்பு மிச்சில். 'விருந்தோம்பி மிச்சில் மிசைவான்' என்று குறளில் (85) வருகிறது. விருந்தினர் உண்டதுபோக இருப்பது மிச்சில். கடைக்காரருக்குக் கொடுத்ததுபோக இருப்பது மிச்சம். 'மிச்சம் மீதி' என்று சேர்த்துச் சொன்னாலும் கடைப்பேச்சில் இரண்டும் ஒன்றல்ல. மீதி என்பது பில்லுக்குக் கொடுத்த நோட்டிலிருந்து திரும்பி வரும் சில்லறை. இரண்டையும் குழப்பி 'மீதி 260' என்று சீட்டில் போட்டால், அந்த 260ஐக் கையில் கொடுங்கள் என்று கேட்பார்கள்.

அதனால் இப்போதெல்லாம் நான் எழுதிக் கொடுக்கும் சீட்டில் மூன்றே வரி. விலை 1,450. இன்று 1,190. மிச்சம் 260. சேலையின் மடிப்பிலேயே குத்திவைக்கச் சொல்கிறேன், பலகையில் அல்ல. போன தீபாவளிக்கு மலையிலிருந்து வந்த ஒரு அக்கா அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, "அதான் 260 விட்டீங்கல்ல, இன்னொரு நாப்பது விட்டு முந்நூறா ஆக்கிருங்க தம்பி" என்றார். கடைக்காரர் 1,175க்குக் கொடுத்தார்.